8 மணி நேரம் தூங்கியும் டயர்டா இருக்கா? இது தூக்கமின்மை இல்லை, ‘பர்ன் அவுட்’ ஆக இருக்கலாம்!

‘நைட் நல்லாதான் தூங்கினேன். ஆனா காலையில எழுந்திருக்கவே முடியல...’ இப்படிச் சொல்பவர்களில் பலர் தங்களுக்குத் தூக்கமின்மை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தூக்கம் வராமல் இருப்பது வேறு, தூங்கியும் களைப்பு தீராமல் இருப்பது வேறு.

பர்ன் அவுட் என்றால் என்ன?

சமாளிக்க முடியாமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தால் வருவதுதான் பர்ன் அவுட். உலக சுகாதார அமைப்பு 2019-ல் இதைப் பணி சார்ந்த ஒரு நிலையாக வகைப்படுத்தியது, நோயாக அல்ல. இதில் மூன்று அறிகுறிகள் சேர்ந்து வரும்: உடலும் மனமும் சோர்ந்துபோவது, வேலை மீது வெறுப்பு அல்லது ஒட்டாத மனநிலை, ‘நாம செய்றது எதுவும் உருப்படியா இல்ல’ என்ற எண்ணம்.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருமே இரவு 11 மணிக்குப் படுத்து காலை 7 மணிக்கு எழுபவர்கள். முதலாமவருக்கு 2 மணி வரை தூக்கமே வராது. படுக்கையில் இருந்த 8 மணி நேரத்தில் அவர் தூங்கியது 5 மணி நேரம், அதாவது சுமார் 63 சதவீதம். இது 85 சதவீதத்துக்குக் கீழே இருந்து, வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாமவர் ஏழே கால் மணி நேரம் தூங்குகிறார். கணக்குப்படி சுமார் 91 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை 10 மணி நேரம் தூங்கினாலும் அதே களைப்புதான். திங்கட்கிழமையை நினைத்தாலே உடம்பு கனக்கிறது. இவருடைய பிரச்சினை தூக்கத்தின் அளவில் இல்லை. ஒரு வருடமாக இரவு 10 மணிக்கும் ஆபீஸ் மெசேஜுக்குப் பதில் போடுகிறார் என்றால், பர்ன் அவுட்டைச் சந்தேகிக்கலாம்.

தூங்கியும் ஏன் களைப்பு தீரவில்லை?

வேலைக் கவலையுடனே படுக்கும்போது, உடல் தூங்கினாலும் மூளை விழிப்புநிலையிலிருந்து முழுசா இறங்குவதில்லை. பர்ன் அவுட் உள்ளவர்களின் தூக்கத்தை ஸ்வீடன் ஆய்வாளர்கள் கருவிகள் மூலம் பதிவு செய்தபோது, காலையில் நினைவில்கூட இருக்காத சில நொடி விழிப்புகள் அடிக்கடி வருவது தெரிந்தது. இதனால் தூக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

முதலில் இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்தபோது இருந்த களைப்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள். தூக்கமின்மைக்குப் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு. பர்ன் அவுட்டுக்கு வேலைச்சுமையே குறைய வேண்டும். அது மாறாமல் ஒரு வாரம் லீவு போட்டால், திரும்பி வந்த சில நாட்களிலேயே களைப்பும் திரும்பிவிடும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா ஆகியவற்றிலும் இதே களைப்பு வரும். எனவே நீங்களாக ‘பர்ன் அவுட்’ என்று முடிவு செய்யாமல், தூக்கக் குறிப்புகளுடன் டாக்டரைப் பாருங்கள்.