எம்-25 கான்கிரீட்: ஆயிரம் லிட்டருக்குள் ஒரு கணக்கு

வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரியிடம் கலவை என்ன விகிதம் என்று கேட்டால், "ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டு" என்று சட்டென்று பதில் வரும். ஒரு பெட்டி சிமெண்டுக்கு ஒரு பெட்டி மணல், இரண்டு பெட்டி ஜல்லி. ஆனால் இந்திய தர விதி ஐ.எஸ். 456 இப்படிப்பட்ட நிலையான விகிதங்களை எம்-20 தரம் வரைதான் அனுமதிக்கிறது. எம்-25 முதல், கையில் இருக்கும் சிமெண்ட், மணல், ஜல்லிக்கென்றே கணக்குப் போட்டு, அந்தக் கலவையைச் செய்து சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கான வழிமுறை ஐ.எஸ். 10262-இன் 2019 பதிப்பில் இருக்கிறது. கூட்டல், பெருக்கல் தெரிந்தவர்கள் அதை எளிதாகப் பின்தொடரலாம்.

மொத்தக் கணக்கும் ஒரே கேள்வியைச் சுற்றியது. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர் இடம். அதற்குள் சிமெண்ட், தண்ணீர், மணல், ஜல்லி ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர் இடத்தைப் பிடிக்கும்? இடம் தெரிந்துவிட்டால் எடை தானாக வந்துவிடும்.

முதலில் வலிமை. எம்-25 என்றால் 28 நாள் கழித்து 15 சென்டிமீட்டர் கட்டியை அழுத்திப் பார்க்கும்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். சராசரியை 25 என்று வைத்துக்கொண்டால் பாதிக் கட்டிகள் அதற்குக் கீழே போய்விடும். நூறில் ஐந்துக்கு மேல் கீழே போகக் கூடாது என்பது விதி. அதனால் சிதறலுக்கு இடம் விட்டு, இலக்கை உயர்த்துகிறோம். எம்-25க்குத் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும் சிதறல் அளவு 4. அதை 1.65ஆல் பெருக்கினால் 6.6. ஆகவே நாம் குறிவைக்க வேண்டியது 31.6.

இந்த 31.6ஐப் பெரிதும் தீர்மானிப்பது தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள எடை விகிதம். சிமெண்ட் வினைபுரியத் தேவையானதைவிட அதிகமாக ஊற்றிய தண்ணீர் பிற்பாடு வெளியேறி, தான் இருந்த இடத்தை நுண்துளைகளாக விட்டுச் செல்கிறது. 43 தர ஓ.பி.சி. சிமெண்டுக்கு 0.48 என்ற விகிதத்தில் தொடங்குவோம். மிதமான சூழலில் உள்ள கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 வைக்கும் உச்சவரம்பு 0.50; அதற்குள் இருக்கிறோம். கடற்காற்று நேராக அறையும் இடமென்றால் இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே குறைந்தது எம்-30 தரமும், அதிகபட்சம் 0.45 விகிதமும் வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு என்பதைச் சிமெண்ட் தீர்மானிப்பதில்லை, ஜல்லியும் இளக்கமும்தான் தீர்மானிக்கின்றன. 20 மில்லிமீட்டர் உடைகல் ஜல்லி, 50 மில்லிமீட்டர் ஸ்லம்ப் என்றால் கன மீட்டருக்கு 186 கிலோ தண்ணீர். ஸ்லம்ப் என்பது கூம்பு அச்சை எடுத்ததும் கலவை எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. தளம் போடுவதற்கு 75 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் 3 விழுக்காடு தண்ணீர் கூட்டினால் 192 கிலோ வருகிறது. அதை 0.48ஆல் வகுத்தால் சிமெண்ட் 400 கிலோ, அதாவது எட்டு மூட்டை. சிமெண்ட் இந்தச் சூழலுக்கு 300 கிலோவுக்குக் குறையக் கூடாது, 450ஐத் தாண்டவும் கூடாது. தண்ணீரைக் குறைக்கும் ரசாயனம் சேர்த்தால் இதே இளக்கத்துக்குத் தண்ணீரும் அதோடு சிமெண்டும் குறையும். பெரிய வேலைகளில் அதுதான் சிக்கனமான வழி.

இனி இடத்தை அடைக்கலாம். சிமெண்டின் ஒப்படர்த்தி 3.15, 400 கிலோ சிமெண்ட் பிடிக்கும் இடம் 127 லிட்டர். தண்ணீர் 192 லிட்டர். எவ்வளவு குலுக்கினாலும் உள்ளே சிக்கிக்கொள்ளும் காற்று ஒரு விழுக்காடு, 10 லிட்டர். மூன்றும் சேர்ந்து 329. மீதி 671 லிட்டர் முழுக்க ஜல்லிக்கும் மணலுக்கும். (பி.பி.சி. சிமெண்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.9, அதே 400 கிலோ 11 லிட்டர் கூடுதலாக இடம் பிடிக்கும். மூட்டையின் வகை மாறினால் கணக்கும் மாற வேண்டும்.)

இந்த 671இல் ஜல்லியின் பங்கு மணலின் பொடித்தன்மையைப் பொறுத்தது. மணல் நைசாக இருந்தால் ஜல்லிக்கு இடையிலுள்ள சந்துகளை அடைக்கக் குறைவாகவே போதும், ஜல்லியைக் கூட்டலாம். சலித்துப் பார்த்ததில் இரண்டாம் மண்டலத்தில் வரும் எம்-சாண்ட் என்று வைத்துக்கொண்டால், நம் 0.48 விகிதத்துக்கு ஜல்லியின் பங்கு 0.624. அதாவது 419 லிட்டர் ஜல்லி, 252 லிட்டர் எம்-சாண்ட். பூச்சு வேலைக்கு வரும் பி-சாண்டை இங்கே கொட்டினால் இந்தப் பங்கீடு குலைந்துவிடும். இளக்கத்துக்காகக் கூடுதல் தண்ணீர் கேட்கும். ஜல்லியின் ஒப்படர்த்தி 2.70, எம்-சாண்டுக்கு 2.60 என்று சோதனையில் வந்திருந்தால், ஜல்லி 1130 கிலோ, எம்-சாண்ட் 655 கிலோ.

ஆக, ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 400, தண்ணீர் 192, எம்-சாண்ட் 655, ஜல்லி 1130; மொத்தம் 2377 கிலோ. ஒரு மூட்டைக்குப் பிரித்தால் 24 லிட்டர் தண்ணீர், 82 கிலோ எம்-சாண்ட், 141 கிலோ ஜல்லி.

இது இன்னும் காகிதக் கலவைதான். ஆய்வகத்தில் சிறிதளவு கலந்து ஸ்லம்ப் பார்க்கிறார்கள். இறுகலாக இருந்தால் தண்ணீரைக் கூட்டி, விகிதம் மாறாதபடி சிமெண்டையும் கூட்டுகிறார்கள். பிறகு 0.48க்கு மேலும் கீழும் பத்து விழுக்காடு நகர்த்தி இன்னும் இரண்டு கலவைகள் செய்து, கட்டிகளின் 28 நாள் வலிமையை ஒப்பிட்டு விகிதத்தை உறுதி செய்கிறார்கள். அதோடு, கொள்ளளவு தெரிந்த பாத்திரத்தில் ஈரக் கலவையை நிரப்பி எடை போடுவதும் அவசியம். 2377க்குப் பதில் 2340 வந்தால், நாம் போட்ட பொருள் 1 கன மீட்டருக்கு மேல் பரவியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஒரு கன மீட்டரில் இருக்கும் சிமெண்ட் 400 இல்லை, 394தான்.

சோதித்துத் தேர்ந்த கலவையும் கட்டுமான இடத்தில் கெடுவது பெரும்பாலும் மணலின் ஈரத்தால். மேலே சொன்ன 655 கிலோ, உள்ளே தண்ணீர் குடித்து முடித்து மேற்பரப்பு உலர்ந்திருக்கும் மணலுக்கானது. குவியலில் கிடப்பது அப்படி இருக்காது. 500 கிராம் மணலை வாணலியில் வறுத்துப் பாருங்கள். 476 கிராமாக இறங்கினால் ஈரம் 5 விழுக்காடு. மணல் தனக்குள் குடித்திருப்பது 1 விழுக்காடு என்றால், மேற்பரப்பில் மிஞ்சும் 4 விழுக்காடு அப்படியே கலவைத் தண்ணீரோடு சேரும்.

அதனால் எம்-சாண்டை 655க்குப் பதில் 681 கிலோ நிறுக்க வேண்டும். அதோடு 26 லிட்டர் தண்ணீர் வந்துவிடும். ஜல்லி காய்ந்திருந்தால் அரை விழுக்காடு, ஏறத்தாழ 6 லிட்டர், அது குடித்துக்கொள்ளும். எனவே மிக்சரில் ஊற்ற வேண்டியது 192 அல்ல, 172 லிட்டர். இதைப் பார்க்காமல் 655 கிலோ ஈர மணலும் 192 லிட்டர் தண்ணீரும் போட்டால், உண்மையில் சேரும் தண்ணீர் 211 லிட்டர், விகிதம் 0.53க்கு ஏறி, 0.50 வரம்பைத் தாண்டிவிடும். பெட்டியால் அளந்தால் சிக்கல் வேறு விதம். ஈர மணல் உப்பிக்கொள்வதால் பெட்டி நிறைந்ததுபோல் தெரியும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். சிமெண்டை 2 விழுக்காடு, மணல், ஜல்லி, தண்ணீரை 3 விழுக்காடு துல்லியத்துக்குள் அளக்கச் சொல்கிறது ஐ.எஸ். 456, பெட்டியால் அது முடியாது, தராசு வேண்டும். மணல் வறுக்கும் சோதனையைத் தினமும் காலையில் கலவை தொடங்கும் முன் செய்ய வேண்டும். புது லோடு இறங்கினாலோ நடுவே மழை பெய்தாலோ மறுபடியும் செய்து, ஊற்றும் தண்ணீரை மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும்.