காந்தம் உள்ளே போனால் மின்சாரம் எந்தப் பக்கம் ஓடும்?

1831 அக்டோபர் 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே செய்த சோதனையை இன்றைக்கும் பள்ளி ஆய்வகத்தில் அப்படியே செய்து பார்க்கலாம். காகிதக் குழாய் மேல் செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் முனைகளைக் கால்வனோமீட்டரில் இணைத்து, குழாய்க்குள் ஒரு காந்தக் கட்டையைச் சட்டென்று நுழைத்தார். முள் ஒரு பக்கம் துள்ளியது. காந்தம் உள்ளே சும்மா இருந்தபோது முள் பூஜ்யத்துக்கே திரும்பிவிட்டது. வெளியே இழுத்ததும் மறுபக்கம் துள்ளியது.

காந்தம் நகர்ந்தால்தான் மின்னோட்டம் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் உள்ளே போகும்போது ஏன் இந்தப் பக்கம், வெளியே வரும்போது ஏன் அந்தப் பக்கம்? செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஹைன்ரிக் லென்ஸ் 1833-ல் இதற்கு ஒரே விதியில் பதில் சொன்னார். தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில்தான் ஓடும்.

ஏன் எதிர்க்க வேண்டும்? எதிர்க்காமல் துணைபோவதாக வைத்துக்கொள்வோம். காந்தத்தைச் சுருளை நோக்கி விரலால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். சுருளில் தோன்றும் மின்னோட்டம் அதை மேலும் இழுக்கும். காந்தம் வேகம் பிடிக்கும், மின்னோட்டம் கூடும், இழுப்பும் கூடும். எந்தச் செலவும் இல்லாமல் வேகமும் கிடைக்கும், கம்பி சூடாகி வெப்பமும் கிடைக்கும். ஆற்றல் இப்படி இலவசமாக வராது. சுருள் எதிர்த்துத் தள்ள, அதை மீறி நம் கை செய்யும் வேலைதான் மின்னாற்றலாக மாறுகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் திசை காண்பது எளிது. மின்னோட்டம் ஓடும் சுருள் தானே ஒரு காந்தம். அதன் ஒரு முகம் வட முனை, மறுமுகம் தென் முனை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, காந்தம் நெருங்குகிறதா விலகுகிறதா என்பது. நெருங்கினால் சுருள் அதைத் தள்ளும்; விலகினால் பிடித்து இழுக்கும். அடுத்து, காந்தத்தின் எந்த முனை சுருளின் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தள்ளுவதற்கு அதே முனையும் இழுப்பதற்கு எதிர் முனையும் சுருளின் அந்த முகத்தில் தோன்றும். கடைசியில் வலது கையை எடுங்கள். கட்டைவிரல் சுருளின் வட முனை முகத்திலிருந்து வெளியே நீட்டியிருக்கட்டும். மற்ற விரல்கள் வளையும் பக்கம்தான் மின்னோட்டத்தின் திசை.

வட முனை நம் பக்கத்திலிருந்து சுருளை நெருங்குகிறது என்று கொள்வோம். அதைத் தள்ள, நம்மைப் பார்த்த முகமும் வட முனையாக வேண்டும். கட்டைவிரல் நம்மை நோக்கி நீள்கிறது. விரல்கள் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக வளைகின்றன. அதே வட முனையைப் பின்னுக்கு இழுத்தால் நம் முகம் தென் முனையாகி, மின்னோட்டம் வலஞ்சுழியாகும். தென் முனை நெருங்கினாலும் வலஞ்சுழி. தென் முனை விலகினால் இடஞ்சுழி. காந்தம் நிற்க, சுருளை அதன் மேல் நகர்த்தினாலும் விடை மாறாது. நெருக்கமும் விலகலும் மட்டுமே கணக்கு.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விலகும் கட்டத்தில். சுருள் எப்போதும் காந்தத்தின் புலத்தை எதிர்க்கும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. சுருள் எதிர்ப்பது புலத்தை அல்ல, புலத்தில் ஏற்படும் மாற்றத்தை. காந்தம் விலகும்போது சுருள் வழியாகச் செல்லும் காந்தப் பாயம் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட, சுருள் காந்தத்தின் புலம் இருக்கும் அதே திசையில்தான் தன் புலத்தை உண்டாக்குகிறது.

காந்தத்தை வட முனை கீழாகப் பிடித்து, நிமிர்ந்து நிற்கும் சுருளுக்குள் விழவிட்டால் இரண்டு கட்டங்களையும் ஒரே ஓட்டத்தில் காணலாம். மேலிருந்து பார்ப்போம். காந்தம் வரும்போது சுருளின் மேல்முகம் வட முனையாகி அதைத் தள்ளுகிறது, மின்னோட்டம் இடஞ்சுழி. காந்தத்தின் நடுப்பகுதி சுருளின் நடுவைத் தாண்டும் கணத்தில் பாயம் உச்சத்தில் இருக்கிறது. அந்தக் கணத்தில் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே மின்னோட்டம் பூஜ்யம். பிறகு காந்தம் கீழே விலகுகிறது. இப்போது சுருளை ஒட்டியிருப்பது பின்னால் வரும் தென் முனை. அதைப் பிடித்து இழுக்கச் சுருளின் கீழ்முகம் வட முனையாகிறது, மேல்முகம் தென் முனையாகிறது. மேலிருந்து பார்த்தால் மின்னோட்டம் வலஞ்சுழி. வரும்போதும் போகும்போதும் காந்தத்தின் மேல் சுருள் செலுத்தும் விசை மேல்நோக்கியதுதான். இரண்டு தடவையும் அது வீழ்ச்சியைத் தடுக்கவே பார்க்கிறது.

சுருளின் இரு முனைகளையும் அலைகாட்டியில் இணைத்தால் திரையில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு மேடுகள் வரும். இரண்டாவது கொஞ்சம் உயரமாகவும் ஒடுங்கியும் இருக்கும். பத்து சென்டிமீட்டர் விழுந்த காந்தம் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். இன்னும் ஐந்து சென்டிமீட்டர் விழுந்தால் 1.7 ஆகிவிடும். வேகம் கூடினால் பாயம் மாறும் வேகமும் கூடும், மின்னழுத்தமும் உயரும். ஆனால் ஏறிய பாயம் அத்தனையும் இறங்கியாக வேண்டும் என்பதால் இரண்டு மேடுகளின் பரப்பளவும் சமம்.

இதே சோதனையைக் கால்வனோமீட்டரை வைத்துச் செய்து ஏமாறுபவர்கள் உண்டு. அதன் முள் மெதுவாக நகர்வது. காந்தம் சட்டென்று கடந்துவிட்டால் இரண்டு உதைகளும் அடுத்தடுத்து விழுந்து ஒன்றையொன்று ரத்து செய்ய, முள் லேசாக நடுங்குவதோடு சரி. காந்தத்தைக் கையால் நுழைத்து, நடுவில் நிறுத்தி, முள் அடங்கிய பிறகு வெளியே எடுத்தால் இரண்டு திசைகளும் தெளிவாகத் தெரியும்.

விதிப்படி கண்ட திசையும் முள் காட்டும் திசையும் ஒத்துப்போகாவிட்டால் மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும். முதலாவது காந்தத்தின் முனை. திசைகாட்டியின் வடக்கு நோக்கும் நுனியை எந்த முனை இழுக்கிறதோ அது தென் முனை; காந்தத்தில் பூசிய வண்ணத்தை நம்ப வேண்டாம். இரண்டாவது கால்வனோமீட்டர். 1.5 வோல்ட் பேட்டரியைப் பத்தாயிரம் ஓம் மின்தடையோடு தொடரில் இணைத்து, எந்த முனையில் மின்னோட்டம் நுழைந்தால் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது சுருள் சுற்றப்பட்ட பக்கம். அதே சுருளை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தால், முகத்தில் மின்னோட்டம் சுழலும் திசை மாறாவிட்டாலும் கம்பியின் எந்த முனை வழியே வெளிவரும் என்பது மாறிவிடும். கம்பியைத் தொடக்கத்திலிருந்து கண்ணால் தொடர்ந்து பார்த்தால்தான் இது பிடிபடும்.

சுற்று எங்காவது அறுந்திருந்தால் மின்னழுத்தம் தோன்றும். ஆனால் மின்னோட்டம் ஓடாது, ஆகவே காந்தத்துக்குத் தடையும் இருக்காது. செம்புக் குழாய்க்குள் விட்ட காந்தம் மெல்ல இறங்கும். குழாயை நீளவாக்கில் ஒரு கோடாகப் பிளந்துவிட்டால், மின்னோட்டம் முழு வட்டமாகச் சுற்ற முடியாமல் தடை வெகுவாகக் குறையும்.

தேர்வில் திசை எழுதிய பிறகு ஒரு சரிபார்ப்பு செய்யலாம். எழுதிய திசையில் மின்னோட்டம் ஓடினால் காந்தத்தை நகர்த்தும் கைக்கு வேலை கூடுகிறதா, குறைகிறதா? குறைகிறது என்றால் விடையைத் திருப்பி எழுத வேண்டியதுதான்.