ஆள் எத்தனை, கற்க வேண்டியது என்ன?

“எங்கள் ஊழியர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தேவை. கொட்டேஷன் அனுப்பவும்.” தொழிற்சாலைகளிலிருந்து பயிற்சி நிறுவனங்களுக்குப் போகும் மின்னஞ்சல்கள் பலவும் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகின்றன. பதிலாக, எல்லோருக்கும் அனுப்பும் ஒரு பாடத்திட்டமும் ஒரு தொகையும் வந்து சேரும். வேறென்ன வரும்?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாய ஆலை, மூன்று ஷிப்ட், பயிற்சிக்கு 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே 60 என்று எழுதினால், ஒரே நாளில் ஒரே அரங்கில் எல்லோரையும் உட்கார வைப்பதற்கான விலைதான் கிடைக்கும். ஆனால் நெஞ்சழுத்தம் கொடுக்கப் பழகுவது கேட்டு வருவதல்ல, கை படிந்து வருவது. பயிற்சியாளர் இரண்டு பொம்மைகள் கொண்டுவந்தால் பொம்மைக்கு 30 பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒரு சுற்று முடியவே ஒரு மணி நேரம் ஆகும். ஷிப்டுக்கு 20 பேராக மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பொம்மை என்று கேட்டால் அதே சுற்று பத்தே நிமிடத்தில் முடியும். மூன்று முறை நடத்துவதால் செலவு கூடும்தான். ஆனால் அந்தப் பணத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு, மூன்று முறை பழக வாய்ப்புக் கிடைக்கிறது.

அடுத்தது நோக்கம். ‘முதலுதவி பற்றிய விழிப்புணர்வு’ என்று எழுதினால், விழிப்புணர்வு வந்ததா என்று யாராலும் சோதிக்க முடியாது. ‘பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்தில், இரண்டு நிமிடம் நெஞ்சழுத்தம் கொடுத்துக் காட்ட வேண்டும்’ என்று எழுதினால் சோதித்துப் பார்த்துவிடலாம். சாய ஆலை என்பதால் நீராவிச் சூடு, கண்ணில் ரசாயனம் தெறிப்பது, மின் அதிர்ச்சி ஆகிய மூன்றையும் சேர்க்கச் சொல்லலாம். பாம்புக்கடிக்கு ஒதுக்கிய நேரத்தை இதற்குத் திருப்பலாம்.

மொழியையும் மறக்கக் கூடாது. ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் பாதிப் பேர் இருக்கும் பிரிவுக்குத் தமிழ் மட்டுமே பேசும் பயிற்சியாளர் வந்தால் பாதி வகுப்பு வீண். எத்தனை பேருக்கு இந்தி தேவை என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

விலையைப் பிரித்துக் காட்டச் சொல்வது நல்லது: பயிற்சிக் கட்டணம், பயணம், தங்குமிடம், சான்றிதழ், வரி. வணிக நிறுவனங்கள் நடத்தும் இத்தகைய பயிற்சிக்குப் பொதுவாக 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஒருவர் அதைச் சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் எழுதியிருந்தால், குறைந்த தொகை என்று தோன்றுவது கடைசியில் கூடுதலாகிவிடும். தலைக்கு இவ்வளவா, பிரிவுக்கு இவ்வளவா என்பதும் தெரிய வேண்டும். பிரிவுக்கு என்றால் 20 பேரில் 14 பேர் வந்தாலும் முழுத் தொகைதான்.

ஆள் குறைந்தாலோ தேதி மாறினாலோ என்ன கட்டணம் என்பதை ஒப்புதல் தருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.