நெட் இல்லாத வீட்டுக்குப் பாட வீடியோ: ‘டவுன்லோட்’ என்றால் இறங்கிவிடுமா?

பூண்டியில் உபரி நீரைத் திறந்துவிட்டால் சடையங்குப்பத்துக்குள் கொசஸ்தலையாற்று வெள்ளம் வந்துவிடும். அதற்கு முன் அங்குள்ள பள்ளியில் பென் டிரைவ் வீடியோ நூலகம் அமைக்க வேண்டும், தலைமை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் என்ன கேட்பது என்று அந்தப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பாடநூலில்தான் கியூஆர் கோடு இருக்கிறதே, திக்‌ஷா ஆப்பில் ஒருமுறை இறக்கிக் கொடுத்தால் போதாதா என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள்.

பல பாடங்களுக்குப் போதாது. திக்‌ஷாவில் இரண்டு வகை வீடியோ உண்டு. தளத்திலேயே ஏற்றப்பட்டது முதல் வகை. அது போனில் முழுதாக இறங்கும். ஆப்பிலிருந்து `.ecar` கோப்பாக வெளியே எடுத்து, நெட் இல்லாத இன்னொரு போனின் திக்‌ஷாவிலும் சேர்த்துவிடலாம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இரண்டாம் வகையில் இருப்பது வெறும் யூடியூப் இணைப்பு. நெட் நின்றதும் அதுவும் நின்றுவிடும். ‘ஆஃப்லைனிலும் படிக்கலாம்’ என்ற விளம்பரம் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி: கோப்பை வேறொரு போனுக்கு மாற்றி, அதை ஃபிளைட் மோடில் போட்டு, வீடியோவின் நடுப்பகுதிக்குத் தாவிப் பாருங்கள். ஓடினால் நூலகத்தில் சேரும், ஓடாவிட்டால் சேராது. யூடியூபிலிருந்து பிடுங்குவது அதன் விதிக்கு முரண் என்பதால், வீடியோவைத் தயாரித்த துறையிடமே எம்பி4 கோப்பைக் கேட்டுப் பெற வேண்டும். அதற்குத் தலைமை ஆசிரியரின் கையெழுத்து தேவை. கடிதத்தின் முதல் கோரிக்கை இதுதான்.

முன்னுதாரணமும் உண்டு. பள்ளிகள் மூடிக் கிடந்த 2020 ஜூலையில், பிளஸ் 2 மாணவர்களின் அரசு மடிக்கணினிகளில் ஹைடெக் லேப் வழியாக வீடியோ பாடங்களை ஏற்றிக் கொடுத்தார்கள். கடிதத்தில் இப்படி எழுதலாம்: ‘வீட்டில் இணையம் இல்லாத மாணவர்களுக்காக, பத்தாம் வகுப்புக் கணக்குப் பாட வீடியோக்களை நான்கு பென் டிரைவ்களில் பதிந்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்று, வாரம் ஒருமுறை மாற்றிக் கொடுக்க அனுமதி வேண்டுகிறேன்.’

பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். பென் டிரைவில் ஓடும் வீடியோ எந்த ஆப்பின் பார்வைக் கணக்கிலும் ஏறாது. ‘இத்தனை லட்சம் பார்வைகள்’ என்று அறிக்கை வரும்போது இந்தப் பிள்ளைகள் அதில் இருக்க மாட்டார்கள். யார் எடுத்துப் போனார், எந்தப் பாடம் ஓடவில்லை என்ற இரண்டு பத்தி போதும். அடுத்த ஆண்டு நிதி கேட்க அதுவே ஆதாரம்.

எவ்வளவு இடம் பிடிக்கும்? 480பி தரத்தில் 20 நிமிடப் பாடம் சுமார் 100 எம்பி. 64 ஜிபி டிரைவில் 500க்கு மேல் அடங்கும்.

போனில் செருக முடியுமா? ஓடிஜி இணைப்பான் வேண்டும். சில பழைய போன்கள் அதை ஏற்காது.

படம் வராமல் சத்தம் மட்டும் வந்தால்? பெரும்பாலும் எச்.265 கோப்பு; எச்.264 ஆக மாற்றுங்கள்.

வைரஸ்? திரும்பி வந்ததும் டிரைவை ஃபார்மட் செய்து, மூலப் பிரதியிலிருந்து மீண்டும் பதியுங்கள்.

வெள்ளம்? மூலப் பிரதி ஒன்று பள்ளிக்கு வெளியே இருக்கட்டும்.