ஒரே காலரா, மூன்று பெயர்கள்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை காலராவை மட்டுமே எடுத்துக்கொண்டார்.

"கங்கை டெல்டாவில் காலரா ஆண்டுதோறும் தலைகாட்டும். வழக்கமான அளவில் ஒரு வட்டாரத்திலேயே தங்கிவிட்ட நோய் எண்டெமிக். 1817இல் ஜெசூர் பகுதியில் அது வழக்கத்தை மீறிப் பலரைத் தாக்கியது, அது எபிடெமிக். பிறகு கப்பல்களிலும் படைகளோடும் சீனா, பாரசீகம் வரை போனது, அது பாண்டெமிக்."

"அப்போ எண்டெமிக்னா பயமில்லையா டீச்சர்?" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

"இருக்கும்மா. பேரு நோயோட கடுமையைச் சொல்லாது. எத்தனை பேருக்கு, எவ்வளவு தூரம்னுதான் சொல்லும். போன வருஷக் கணக்கை எழுதி வெச்சிருந்தாத்தான் இந்த வருஷம் கூடுதலான்னு தெரியும்."

என்னை நிறுத்தியது அந்தக் கடைசி வரிதான். பதிவேடு சரியில்லாத ஊரில் கொள்ளைநோய் தாமதமாகவே கண்ணில் படும்.