பெட்டி அவர்களிடம், சாவி நம்மிடம்

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பகங்களில் நாம் வைக்கும் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டே பாதுகாக்கப்படுகின்றன என்று அந்நிறுவனங்கள் கூறுகின்றன. அது பொய்யன்று. ஆனால், பூட்டியவர் யார், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் விடை வேறாகிறது. வங்கி லாக்கரைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் வேண்டும். மேகச் சேமிப்பகத்தில் வழக்கமாக இரு சாவிகளும் வங்கியிடமே இருக்கின்றன. நாம் கடவுச்சொல்லைச் சொன்னதும், இன்னார் வந்திருக்கிறார் என்று நம்பி, நிறுவனமே பெட்டியைத் திறந்து கோப்பை எடுத்துத் தருகிறது.

அந்த நம்பிக்கை பிசகினால் என்னவாகும் என்பதற்கு 2011 ஜூன் மாதத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. டிராப்பாக்ஸ் தன் மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் பிழை நேர்ந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு, எந்தக் கணக்கிலும் எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே நுழைய முடிந்தது. கோப்புகள் அப்போதும் அந்நிறுவனத்தின் கிடங்கில் குறியாக்கத்துடன்தான் இருந்தன. கதவைத் திறந்துவிடும் காவலரே ஏமாந்துவிட்டபின் உள்ளிருக்கும் பூட்டால் பயனில்லை.

திரைப்படங்களையும் திருமணப் படங்களையும் வைத்திருப்பவருக்கு இது பெரிய கவலையாக இல்லாமல் இருக்கலாம். நான் சார்ந்த துறையில் அப்படியில்லை. கிராமப்புறக் கடன் பற்றிய கள ஆய்வில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வினாநிரல் இருக்கும். யாரிடம் கடன், எவ்வளவு, என்ன வட்டி, எந்த நகை யாரிடம் அடகில் இருக்கிறது, கணவருக்குத் தெரியாமல் மனைவி வாங்கிய கடன் உண்டா என்பனவெல்லாம் அதில் பதிவாகும். கடன் கொடுத்தவரும் அதே தெருவில்தான் இருப்பார். ‘இது வெளியே போகாது’ என்று நாம் சொன்ன ஒரு சொல்லை நம்பித்தான் அந்தப் பெண்கள் பேசுகிறார்கள். அந்த வினாநிரல்களை ஸ்கேன் செய்து, ஆய்வு மாணவர்கள் மூவர் மூன்று ஊர்களிலிருந்து பயன்படுத்துவதற்காக மேகச் சேமிப்பகத்தில் வைக்கும்போது, நாம் தந்த வாக்குறுதியை நமக்கு முகமறியாத ஒரு நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கிறோம்.

கோப்பு நம் கணினியை விட்டுப் புறப்படும் முன்பே அதைக் குறியாக்கம் செய்துவிடும் பெட்டக மென்பொருள்கள் இதற்காகவே வந்தவை. அவற்றுள் நான் பயன்படுத்துவது கிரிப்டோமேட்டர். ஜெர்மனியிலுள்ள ஸ்கைமேட்டிக் என்ற நிறுவனம் உருவாக்கியது. அதன் மூல நிரல் எவரும் படித்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. கணினியில் பயன்படுத்தக் கட்டணமில்லை. இதற்கெனத் தனிக் கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. ஆகவே கடவுச்சொல்லை மறந்துவிட்டால் முறையிட ஓர் அலுவலகமும் இல்லை.

இதன் அமைப்பை இரு வாசல்கள் கொண்ட வீடாக எண்ணிக்கொள்ளலாம். பெட்டகத்தை டிராப்பாக்ஸ் கோப்புறைக்குள் உருவாக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்தால், கணினியில் ஒரு புதிய டிரைவ் தோன்றும். அது முன்வாசல். அங்கே கோப்புகள் தம் இயல்பான பெயர்களுடன் இருக்கும். திறக்கலாம், திருத்தலாம், சேமிக்கலாம். அங்கே நாம் சேமிப்பதை மென்பொருள் அக்கணமே குறியாக்கி, டிராப்பாக்ஸ் கோப்புறைக்குள் எழுதுகிறது. அது பின்வாசல். ஒத்திசைவு மென்பொருளுக்குத் தெரிவது பின்வாசல் மட்டுமே. அங்கே பார்த்தால் இப்படித்தான் இருக்கும்:

```
vault.cryptomator
masterkey.cryptomator
d/
```

`d` என்ற கோப்புறைக்குள் இரண்டு எழுத்துப் பெயர் கொண்ட கோப்புறைகள், அவற்றுக்குள் நீண்ட பெயர் கொண்ட கோப்புறைகள், அவற்றுக்குள் பொருளற்ற எழுத்துகளாலான பெயரும் `.c9r` என்ற முடிவும் கொண்ட கோப்புகள். ஊர், தெரு, குடும்பம் என்று நாம் அடுக்கிய வரிசை அங்கே தென்படாது. எல்லாம் ஒரே மட்டத்தில் கலைத்துப் போடப்பட்டிருக்கும்.

எல்லாக் கோப்புகளையும் ஒரே பெரிய பெட்டிக்குள் அடைக்கும் வெராகிரிப்ட் போன்ற கருவிகளும் உண்டு. பென் டிரைவுக்கு அவை நன்று. ஒத்திசைவுக்கு அவ்வளவு பொருந்துவதில்லை. உள்ளே ஒரு வரியைத் திருத்தினாலும் மாறியது அந்தப் பெரிய பெட்டி முழுவதும் என்றே சேமிப்பக மென்பொருள் கருதும். சில சேவைகள் அதை முழுவதுமாக மீண்டும் பதிவேற்றும். கிரிப்டோமேட்டர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே குறியாக்குவதால், திருத்திய கோப்பு மட்டும் பயணம் செய்கிறது.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கோப்பின் உள்ளடக்கமும் பெயரும் மறைகின்றனவே தவிர, எத்தனை கோப்புகள் உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எப்போது திருத்தப்பட்டது என்பன மறைவதில்லை. ஒரு வினாநிரலின் ஸ்கேன் 1,00,000 பைட் என்று கொள்வோம். மென்பொருள் அதை 32,768 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டும். நான்கு துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டுடனும் 28 பைட் சேரும். கோப்பின் தலைப்பகுதிக்கு 68 பைட். ஆகக் குறியாக்கிய கோப்பின் அளவு 1,00,180 பைட். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் மூல அளவு அப்படியே கிடைத்துவிடும். எனவே, ஏறத்தாழ ஒரே அளவில் சில நூறு கோப்புகள், எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தவை என்ற அளவுக்குச் சேமிப்பக நிறுவனம் அறியும். எந்தக் குடும்பம், எவ்வளவு கடன் என்பதை அறியாது. என் தேவைக்கு அது போதும். ஓர் ஆவணம் நம்மிடம் இருப்பதே ஆபத்து என்ற நிலையில் உள்ள செய்தியாளருக்குப் போதாமல் போகலாம். ஏற்கெனவே வெளியான ஓர் ஆவணத்தின் அளவைத் தெரிந்தவர், அதே அளவை நம் பெட்டகத்தில் தேடிப் பார்க்க முடியுமல்லவா?

நடைமுறையில் நான் கண்டவரை, பெட்டகத்தை உடைத்து எவரும் உள்ளே வருவதில்லை. நாம்தான் வாசலை மாற்றி நுழைகிறோம். ஒரு மாணவி தன் கைப்பேசியிலிருந்த ஸ்கேன்களை டிராப்பாக்ஸ் செயலியின் வழியே நேரடியாகப் பெட்டகத்தின் கோப்புறைக்குள் பதிவேற்றிவிட்டார். பெட்டகத்துக்குள்தானே போட்டேன் என்பது அவர் எண்ணம். ஆனால் அது பின்வாசல். அங்கே போட்டது குறியாக்கப்படாமல், குடும்பத் தலைவர் பெயரோடு அப்படியே கிடந்தது. முன்வாசல் வழியே பார்த்த மற்ற இருவருக்கு அந்தக் கோப்புகள் தென்படவே இல்லை. கோப்பு வரவில்லையே என்று அவர்கள் கேட்டதால்தான் விஷயம் தெரிந்தது. இதைக் கண்டறிய எளிய வழி, வேறொரு கணினியில் உலாவியைத் திறந்து, சேமிப்பகத்தின் இணையப் பக்கத்தில் நம் கோப்புறையைப் பார்ப்பது. அங்கே படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கோப்புப் பெயர் ஒன்று இருந்தாலும் ஏதோ தவறான வழியில் நுழைந்திருக்கிறது என்று பொருள்.

முன்பே மேகத்தில் இருந்த கோப்புகளைப் பெட்டகத்துக்கு மாற்றும்போதும் இதே போன்ற சிக்கல் எழும். பழைய கோப்புறையை அழித்துவிட்டால் போயிற்று என்று நினைக்கிறோம். கூகுள் டிரைவில் அழித்தவை குப்பைத் தொட்டியில் 30 நாள்கள் இருக்கும். அதையும் நாமே காலி செய்ய வேண்டும். மற்றக் கணினிகளில் தங்கிவிட்ட நகல்களையும் தேட வேண்டும். அதனால்தான் புதிய ஆய்வு தொடங்குபவர்களிடம், முதல் வினாநிரலை ஸ்கேன் செய்வதற்கு முன்பே பெட்டகத்தை உருவாக்கிவிடுங்கள் என்று சொல்கிறேன்.

இனிச் சாவிக்கு வருவோம். நாம் தரும் கடவுச்சொல் நேரடியாகக் கோப்புகளைப் பூட்டுவதில்லை. பெட்டகம் உருவாகும்போது மென்பொருள் தானாகவே ஒரு மூலச்சாவியை உண்டாக்குகிறது. கோப்புகளைக் காப்பது அதுதான். கடவுச்சொல் அந்த மூலச்சாவியை மூடிவைக்கும் உறை மட்டுமே. உறையிட்ட அந்தச் சாவிதான் `masterkey.cryptomator` என்ற சிறு கோப்பு. அதுவும் பெட்டகத்துடன் மேகத்திலேயே இருக்கிறது. ஆகவே நம் கோப்புகளை எடுத்துச் செல்பவர் பூட்டிய சாவியையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறார். அவர் ஊகிக்க வேண்டியது கடவுச்சொல் ஒன்றைத்தான். ஒவ்வொரு ஊகத்தையும் வேண்டுமென்றே தாமதப்படுத்தும் கணக்கு முறை உள்ளே இருக்கிறது. ஆனால் கடவுச்சொல் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டுமாக இருந்தால் எந்தத் தாமதமும் நெடுநாள் காக்காது. தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைக் கோத்து வைப்பது மேல்.

ஆய்வுக் குழுவினர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று இதிலிருந்து கிளைக்கிறது. குழுவிலிருந்து ஒருவர் விலகிப் போகிறார். உடனே கடவுச்சொல்லை மாற்றுகிறோம். மாறுவது உறை மட்டுமே, மூலச்சாவி பழையதேதான். விலகியவரிடம் பழைய `masterkey.cryptomator` கோப்பின் நகல் இருந்தால், பழைய கடவுச்சொல்லால் அதைத் திறந்து அதே மூலச்சாவியைப் பெறலாம். பெட்டகத்தின் கோப்புகள் அவர் கைக்கு எட்டினால், நேற்று எழுதியதையும் படிக்க முடியும். சேமிப்பகங்கள் கோப்புகளின் பழைய வடிவங்களைச் சில காலம் வைத்திருப்பதால், அவரே நகலெடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. புதிய பெட்டகம் ஒன்றை உருவாக்கி, முன்வாசல் வழியே எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அழிப்பதே சரியான வழி. அலுப்பூட்டும் வேலைதான், பூட்டை மாற்றாமல் சாவிக்கொத்தை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

பொருளாதாரத்தில் இடர் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். இங்கும் அப்படியே. பிறர் பார்த்துவிடும் இடர் குறைகிறது. நாமே இழந்துவிடும் இடர் கூடுகிறது. பின்வாசலில் விளங்காத பெயர்களைக் கண்டு ‘குப்பை’ என்று யாரேனும் அழித்தால் கோப்பும் போகும். ஒரு கணினியில் ஒத்திசைவு முடியும் முன்பே மற்றொன்றில் அதே கோப்பைத் திருத்தினால் இரு வடிவங்கள் உண்டாகி, எது சரி என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டும். ஓர் அழிவு எல்லாக் கணினிகளுக்கும் ஒத்திசைந்து பரவும் என்பதால் பெட்டகம் காப்பு நகலாகாது. மாதம் ஒருமுறை பெட்டகத்தைப் பூட்டிவிட்டு, பின்வாசல் கோப்புறை முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வைக்கிறேன். அந்த நகலும் குறியாக்கத்துடனேயே இருப்பதால் டிஸ்க் தொலைந்தாலும் அச்சமில்லை.

கடவுச்சொல் மறந்துபோவதற்கு மென்பொருள் ஒரு மாற்று தருகிறது. பெட்டகத்தை உருவாக்கும்போது மீட்புச் சாவி வேண்டுமா என்று கேட்கும்; ஆம் என்றால் 44 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். அவற்றைக் கொண்டு புதிய கடவுச்சொல் அமைத்துக்கொள்ளலாம். அச்சொற்கள் மூலச்சாவியின் மறுவடிவமே என்பதால், அவற்றைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்தால் அந்தப் படம் தானாகவே மேகத்துக்குப் போய்ச் சேரும். இவ்வளவு பாடும் வீண். நான் தாளில் எழுதி, ஒவ்வொரு சொல்லையும் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு சோதனைப் பெட்டகத்தில் மீட்டெடுத்தும் பார்த்த பிறகுதான் உண்மையான வினாநிரல்களை உள்ளே வைத்தேன். ஒரு தாள் வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது. மற்றொன்று ஒட்டிய உறையில் என் மகளிடம் இருக்கிறது. எந்த மென்பொருள், எந்தச் சேமிப்பகக் கணக்கு, எனக்குப் பின் எந்தக் கோப்புறையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும், எதைத் திறக்காமலே அழித்துவிட வேண்டும் என்பதையும் அதன் பின்பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன்.