கினி பிக் உடம்பில் பொடுகு, அரிப்பு, முடி உதிர்வு: ஒரு ஊசியோடு நிறுத்தினா ஏன் திரும்ப வருது?

வீட்டில் வளர்க்கும் கினி பிக் ராத்திரி முழுக்க சொறிஞ்சுக்கிட்டே இருக்கா? கழுத்துல, தோள்பட்டையில முடி கொட்டி, தோல் வெள்ளை வெள்ளையா உதிருதா? பலரும் இதை 'உடம்பு சூடு', 'சாதாரண பொடுகு' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அரிப்பும் முடி உதிர்வும் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மைட்ஸ் எனப்படும் சிற்றுண்ணிகளைத்தான். இது குணமாகக்கூடிய நோய். ஆனால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினாலோ, கடையில் வாங்கிய மருந்தை நாமே போட்டாலோ, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி எது?

கினி பிக்கைத் தாக்கும் முக்கியமான சிற்றுண்ணியின் பெயர் டிரிக்ஸகேரஸ் கேவியே. மனிதர்களுக்கு சொறி உண்டாக்கும் சிற்றுண்ணியின் உறவு இது. முடியின் மேல் ஊர்ந்து திரியாமல், தோலுக்குள் சுரங்கம் தோண்டி அங்கேயே முட்டையிடும். வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் 'பேன் எதுவும் தெரியலையே' என்று பலர் ஏமாந்து போகிறார்கள்.

பொதுவாகத் தொடையின் உள்பக்கம், தோள், கழுத்து ஆகிய இடங்களில் இது தொடங்கும். முதலில் செதில் உதிரும். பிறகு முடி கொட்டும். நாளாக ஆக தோல் தடித்து, மஞ்சள் நிறத்தில் பொருக்கு கட்டும். அரிப்பு முற்றிவிட்டால், தொட்ட உடனே கினி பிக் வலிப்பு வந்தது போலத் துள்ளி விழும். பார்ப்பவர்கள் மூளையில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். காரணம் தோலில்தான் இருக்கும். இந்த நிலை வந்துவிட்டால் அடிக்கடி தூக்காதீங்க, குளிப்பாட்டாதீங்க. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்க.

புதிதாக வாங்கி வந்த கினி பிக்கிடமிருந்து இது ஒட்டிக்கொள்ளலாம். வெளியே தெரியாமல் உடம்பில் இருந்துவிட்டு, வேறு நோய், கர்ப்பம், வைட்டமின் சி குறைவு என்று உடல் சோர்ந்திருக்கும் நேரத்தில் திடீரென பெருகவும் செய்யும்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

தோலின் மேற்பகுதியை லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். சிற்றுண்ணி தெரிந்தால் நோய் உறுதி. ஆனால் ஆழத்தில் இருப்பதால் சில நேரம் சுரண்டலில் சிக்காது. 'டெஸ்ட்ல ஒண்ணும் இல்லை' என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறிகுறிகளை வைத்தே பல டாக்டர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

படர்தாமரைப் பூஞ்சையும் முடி உதிர்வை உண்டாக்கும். ஆனால் அது பெரும்பாலும் மூக்கு, கண்ணைச் சுற்றி முகத்தில் தொடங்கும். அரிப்பு இந்த அளவுக்கு இருக்காது. அதற்கான மருந்து வேறு. அதனால் எது என்று தெரியாமல் க்ரீம் தடவுவதில் பயன் இல்லை.

ஒரு ஊசி ஏன் போதாது?

இதற்கு அதிகம் பயன்படும் மருந்து ஐவர்மெக்டின். செலமெக்டின் என்ற, கழுத்தின் பின்பக்கத் தோலில் விடும் சொட்டு மருந்தையும் சில டாக்டர்கள் தருவார்கள்.

ஐவர்மெக்டின் உயிருள்ள சிற்றுண்ணியைக் கொல்லும், ஆனால் முட்டையைக் கொல்லாது. முதல் ஊசி போட்ட சில நாட்களில் அரிப்பு குறையும், கினி பிக் நன்றாகச் சாப்பிடும். 'சரியாயிடுச்சு' என்று நினைப்போம். அதே நேரம் தோலுக்குள் இருக்கும் முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கும். முட்டை, வளர்ந்த சிற்றுண்ணியாக மாற சுமார் இரண்டு வாரம் ஆகும். அது மறுபடி முட்டையிடுவதற்குள் அடுத்த டோஸ் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் 7 முதல் 14 நாள் இடைவெளியில், பொதுவாக மூன்று முறை மருந்து தருகிறார்கள்.

0.03 மி.லி. கணக்கு: எங்கே தப்பு நடக்குது?

ஐவர்மெக்டின் ஆடு, மாடுகளுக்கும் பயன்படுவதால் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. 'நாமே போட்டுக்கலாம்' என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்க.

800 கிராம் எடையுள்ள ஒரு கினி பிக்கை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லி கிராம். அதிகபட்ச அளவையே எடுத்தாலும், இதற்குத் தேவை 0.32 மில்லி கிராம். கடையில் கிடைக்கும் 1 சதவீத மருந்தில், ஒரு மி.லி.யில் 10 மில்லி கிராம் இருக்கும். அப்படியென்றால் போட வேண்டியது வெறும் 0.032 மி.லி. ஒரு மி.லி. சிரிஞ்சில் மூன்று சின்னக் கோடு அளவுதான்! புள்ளியை ஒரு இடம் தள்ளிப் படித்து 0.3 மி.லி. போட்டால், அது பத்து மடங்கு மருந்து. தள்ளாட்டம், மயக்கம், மரணம் வரை போகலாம். டாக்டர்கள் எடை பார்த்து, தேவைப்பட்டால் மருந்தை நீர்க்கச் செய்து போடுவது இதனால்தான்.

வீட்டில் என்ன செய்யணும்?

இந்தக் கினி பிக்குக்கு முதல் ஊசி 1-ம் தேதி என்றால், அடுத்தது 11-ம் தேதி, மூன்றாவது 21-ம் தேதி என்று டாக்டர் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் எடை மாறியிருக்கும் என்பதால் மறுபடி எடை பார்க்க வேண்டும்.

கூண்டில் இன்னொரு கினி பிக் இருந்தால், அதற்கு அரிப்பு இல்லாவிட்டாலும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும். ஒன்றை மட்டும் கவனித்தால், மற்றதிடமிருந்து மீண்டும் ஒட்டும். மருந்து தரும் ஒவ்வொரு நாளும் பழைய வைக்கோல், துணி எல்லாவற்றையும் அகற்றி, கூண்டைக் கழுவிக் காய வையுங்கள். சிற்றுண்ணி ஒளியக்கூடிய மரப் பலகைகளைத் தூக்கி எறிவது நல்லது.

கினி பிக்கின் உடம்பால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. தினமும் குடைமிளகாய் கொடுத்தால் தோல் ஆறுவதற்கு உதவும். வேப்பெண்ணெய் தடவுவதைத் தவிருங்கள். சிற்றுண்ணி தோலுக்குள் இருப்பதால் எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது, கினி பிக் அதை நக்கியும் விடும்.

முயல் வளர்ப்பவர்கள் கவனத்திற்கு

முயலின் முதுகில் பொடுகு போல இருந்து, அது நகர்வது போலத் தெரிந்தால், அது செயலெட்டியெல்லா என்ற வேறு சிற்றுண்ணியாக இருக்கலாம். மூக்கு, காது ஓரம், பாதத்தில் பொருக்கு கட்டினால் அது சொறி. இரண்டுக்கும் டாக்டர் மேலே சொன்ன அதே மருந்துகளைத் தரலாம். ஆனால் நாய், பூனைக்குப் போடும் ஃபிப்ரோனில் கலந்த சொட்டு மருந்தையோ ஸ்ப்ரேயையோ முயலுக்குப் போடவே கூடாது. வலிப்பு வந்து முயல் இறக்கவும் நேரலாம்.

நமக்கும் ஒட்டுமா?

தூக்கி வைத்துக்கொள்பவர்களின் கை, வயிற்றில் சிவப்புக் கொப்புளங்களும் அரிப்பும் வரலாம். இந்தச் சிற்றுண்ணிகள் மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாது. விலங்குக்குச் சிகிச்சை முடிந்ததும் பொதுவாகத் தானாக மறையும். மறையவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டி, வீட்டில் கினி பிக் அல்லது முயல் இருப்பதையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று: கினி பிக்கோ முயலோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டால், அடுத்த நாள் பார்த்துக்கலாம் என்று காத்திருக்காதீங்க. இவற்றின் குடல் ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.